கெமாத்ரியா கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி: எபிரேய மதிப்புகளும் பிதாகரஸ், சால்டியன் அட்டவணைகளும்

பெயர் எண் பார்க்கத் தெரிந்தவர்கள் கெமாத்ரியாவுக்கு வரும்போது முதலில் தேடுவது A முதல் Z வரையிலான ஓர் அட்டவணையைத்தான். கெமாத்ரியாவில் அப்படி ஒன்று கிடையாது. அது எபிரேய எழுத்துகளுக்கான கணக்கு. ஆங்கில எழுத்தில் தொடங்கினால், கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தவறாகத்தான் வரும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். கூட்டல் ஐந்தாவது படியில்தான் வருகிறது. தடுமாறுபவர்கள் பெரும்பாலும் அதை முதல் படியாகச் செய்துவிடுகிறார்கள்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

நம் ஊர் எண் கணிதத்தில் கேள்வி இப்படி இருக்கும்: இந்தப் பெயர் எனக்கு ராசியானதா, எந்த எழுத்தைச் சேர்த்தால் எண் மாறும்? கெமாத்ரியாவின் கேள்வி வேறு. ஒரு சொல்லின் கூட்டுத்தொகை இன்னொரு சொல்லின் கூட்டுத்தொகைக்குச் சமமா, அல்லது நூலில் வரும் ஓர் எண்ணுக்குச் சமமா? சமம் என்றால் அந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க நூலில் ஏதாவது காரணம் இருக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி.

இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் எண்ணை எங்கே நிறுத்துவது என்று தெரியும். பெயர் எண் பார்க்கும்போது ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தே பழகியிருப்போம். இங்கே 318 என்று வந்தால் 318-தான் விடை. அதை 3+1+8 என்று கூட்டி 12, பிறகு 3 என்று சுருக்கினால் ஒப்பிட வேண்டிய எண்ணே போய்விடும். 3 ஆகச் சுருங்கும் சொற்களுக்குக் கணக்கே இல்லை. 318 வரும் சொற்கள் அவற்றில் மிகச் சில.

2. கையில் இருக்க வேண்டியவை

அந்தச் சொல்லின் எபிரேய எழுத்துக்கூட்டல், அது இடம்பெறும் வசனத்தோடு சேர்த்து வேண்டும். வேதாகமச் சொல் என்றால் எபிரேய மூலத்தை எழுத்து எழுத்தாகப் பார்க்க முடிகிற பதிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் அல்லது ஆங்கில ஒலிபெயர்ப்பை வைத்துத் திரும்ப எபிரேயத்துக்குப் போகாதீர்கள். ஒலிபெயர்ப்பில் இரண்டு வேறு எழுத்துகள் ஒரே ஒலியாகிவிடும். திரும்பும்போது எது எது என்று தெரியாது.

எழுத்துகளின் பெயரும் வரிசையும் மனதில் நிற்க ஒரு வழி உண்டு. சங்கீதம் 119 இந்த 22 எழுத்துகளின் வரிசையில், எழுத்துக்கு எட்டு வசனமாக எழுதப்பட்டது. தமிழ் வேதாகமப் பதிப்புகள் பலவற்றிலும் அந்த எழுத்துப் பெயர்கள் தலைப்பாகவே இருக்கும்.

3. 22 எழுத்துகளின் மதிப்பு

```
א அலெஃப் 1     י யோத் 10       ק கோஃப் 100
ב பேத் 2        כ காஃப் 20       ר ரேஷ் 200
ג கீமெல் 3      ל லாமெத் 30     ש ஷீன் 300
ד தாலெத் 4     מ மேம் 40       ת தாவ் 400
ה ஹே 5         נ நூன் 50
ו வாவ் 6        ס சாமேக் 60
ז சாயின் 7      ע அயின் 70
ח ஹேத் 8       פ பே 80
ט தேத் 9        צ சாதே 90
```

ஒன்பது ஒன்றுகள், ஒன்பது பத்துகள், நான்கு நூறுகள். இது ஜோசியத்துக்காக உண்டாக்கிய அட்டவணை அல்ல. எபிரேயத்தில் எண்ணையே இந்த எழுத்துகளால் எழுதும் வழக்கம் உண்டு. யூத நாட்காட்டியின் ஆண்டும் தேதியும் இன்றும் அப்படித்தான் அச்சாகின்றன. அதனால் இந்த மதிப்புகளில் கருத்து வேறுபாடு கிடையாது.

எழுத்துக்குக் கீழும் மேலும் வரும் உயிர்ப்புள்ளிகளுக்கு மதிப்பில்லை. எழுத்தின் வயிற்றில் வரும் புள்ளிக்கும் இல்லை. ஷீன் எழுத்தின் மேல் புள்ளி வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் 300-தான்.

உருவம் ஒத்த எழுத்துகளில்தான் கண் ஏமாறும். விடை தெரிந்த ஒரு சொல்லை எடுத்துப் பழகுங்கள். எத்தனை தள்ளி வருகிறது என்பதே எந்த எழுத்தைத் தவறாகப் படித்தீர்கள் என்று காட்டிவிடும். 196 வித்தியாசம் வந்தால் தாலெத்தும் ரேஷும் மாறியிருக்கின்றன. 18 என்றால் பேத்தும் காஃபும். 3 என்றால் ஹேயும் ஹேத்தும். 20 என்றால் சொல்லின் கடைசியில் வரும் மூடிய மேம், சாமேக்காகத் தெரிந்திருக்கிறது.

4. எழுத்துக்கூட்டலை உறுதி செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். எபிரேயத்தில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சில இடங்களில் மட்டும் யோத், வாவ் போன்ற எழுத்துகள் உயிரொலியைக் காட்ட வரும். அதே சொல் ஓரிடத்தில் அந்த எழுத்தோடும் இன்னோரிடத்தில் அது இல்லாமலும் வரலாம். இரண்டும் சரியான எழுத்துக்கூட்டல்களே. தொகை மட்டும் மாறும்.

தாவீதின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சாமுவேல் நூல்களில் அது மூன்று எழுத்து: தாலெத், வாவ், தாலெத். நாளாகம நூல்களில் நடுவே ஒரு யோத் சேர்ந்து நான்கு எழுத்து.

```
דוד    4 + 6 + 4 = 14
דויד   4 + 6 + 10 + 4 = 24
```

எது சரி என்று கேட்டால் பதில் இல்லை. நீங்கள் எந்த வசனத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதில் உள்ளதுதான் சரி. அதனால்தான் சொல்லோடு வசனத்தையும் குறித்து வைக்கச் சொன்னேன். வேண்டிய எண் வரும் வரை இரண்டு எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர் கெமாத்ரியா செய்யவில்லை. விடையை முதலில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுகிறார்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 666-இலும் இதே விஷயம் தெரியும். நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதினால் அந்த எண் வரும் என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

```
נרון   50 + 200 + 6 + 50 = 306
קסר    100 + 60 + 200    = 360
                    மொத்தம் 666
```

கிரேக்க உச்சரிப்பின்படி பெயரின் கடைசியில் ஒரு நூன் இருக்கிறது. லத்தீன் உச்சரிப்பில் அந்த நூன் வராது. அதை எடுத்துவிட்டால் 50 குறைந்து 616. வெளிப்படுத்தின விசேஷத்தின் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் 666-க்குப் பதில் 616 என்றே இருக்கிறது. இந்த விளக்கத்துக்கு வலு சேர்ப்பது அதுதான். அப்புறம், சீசர் என்ற சொல்லை யோத் சேர்த்தும் எழுதுவதுண்டு. அப்படி எழுதினால் 676 ஆகிவிடும். யோத் இல்லாத வடிவம் யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் கிடைத்த ஓர் ஆவணத்தில் நீரோவின் பெயரோடேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலுக்கு ஆதாரம் காட்டுவது என்றால் இப்படித்தான்.

5. முறையை எழுதிவிட்டுக் கூட்டுங்கள்

கூட்டும் முறைகள் பல. நான்கைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

*சாதாரண முறை.* மேலே உள்ள அட்டவணை அப்படியே. யாராவது வெறுமனே கெமாத்ரியா என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

*பெரிய முறை.* காஃப், மேம், நூன், பே, சாதே ஆகிய ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு உருவம் உண்டு. இந்த முறையில் அந்தக் கடைசி உருவங்களுக்கு வரிசையாக 500, 600, 700, 800, 900 என்று மதிப்பு. நீரோவின் கடைசி நூனுக்கு 700 போட்டால் மொத்தம் 1316. இணையக் கணிப்பானில் எதிர்பாராமல் பெரிய எண் வந்தால், அது இந்த முறையில் கூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

*சிறிய முறை.* பூஜ்யங்களை உதறிவிடுவது. 40 என்பது 4, 300 என்பது 3.

*விரிவு முறை.* யூத மறைஞான மரபான கபாலாவுக்கே உரியது இதுதான் என்பேன். ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் முழுதாக எழுதி, அந்த எழுத்துகளைக் கூட்டுவது. இறைவனின் நான்கெழுத்துப் பெயர் யோத், ஹே, வாவ், ஹே. சாதாரண முறையில் 10 + 5 + 6 + 5 = 26. விரிவு முறையில் ஹே என்ற எழுத்தின் பெயரை யோத் சேர்த்தும் எழுதலாம், அலெஃப் சேர்த்தும் எழுதலாம், இரண்டு ஹேயாகவும் எழுதலாம். வாவுக்கும் மூன்று வகை உண்டு. இவற்றிலிருந்து 72, 63, 45, 52 என்று நான்கு தொகைகள் பிறக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் போதித்த ஐசக் லூரியாவின் மரபு இந்த நான்கையும் நான்கு தனிப் பெயர்களாகவே கொள்கிறது.

ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கலாம். அலெஃப் வைத்து விரித்தால்:

```
יוד 20 + הא 6 + ואו 13 + הא 6 = 45
אדם 1 + 4 + 40 = 45
```

இரண்டாவது வரி ஆதாம், அதாவது மனிதன் என்ற சொல். லூரியாவின் மரபில் 45-ஐ மனிதனோடு இணைப்பது இந்தச் சமத்தால்தான். ஒரு பக்கம் விரிவு முறை, மறுபக்கம் சாதாரண முறை என்பதைக் கவனியுங்கள். மரபில் அப்படி நிலைபெற்றுவிட்டது. நாமாக ஒன்றைச் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே முறையில்தான் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் எதையும் எதற்கும் சமமாக்கிவிடலாம்.

6. ஒரே பெயரை மூன்று அட்டவணையிலும் போட்டுப் பாருங்கள்

வேறுபாடு பிடிபட இதைவிட நல்ல வழி இல்லை. நமக்குப் பழக்கமான இரண்டு அட்டவணைகள் இவை:

```
பிதாகரஸ்
1 A J S   2 B K T   3 C L U
4 D M V   5 E N W   6 F O X
7 G P Y   8 H Q Z   9 I R

சால்டியன்
1 A I J Q Y   2 B K R   3 C G L S
4 D M T       5 E H N X  6 U V W
7 O Z         8 F P
```

தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது இரண்டாவது. கைரேகை நிபுணர் கீரோவின் வழியாகப் பரவிய அட்டவணை அது. இப்போது தாவீதை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டுவோம்.

```
            D  A  V  I  D
பிதாகரஸ்    4  1  4  9  4  = 22
சால்டியன்   4  1  6  1  4  = 16
எபிரேயம்    4  -  6  -  4  = 14
```

D மூன்றிலும் 4. V சால்டியனிலும் எபிரேயத்திலும் 6, பிதாகரஸில் 4. A, I இரண்டும் மூன்றெழுத்து எபிரேய வடிவத்தில் எழுதப்படவே இல்லை. நாளாகம நூலின் வடிவத்தை எடுத்தால் I இருக்கும் இடத்தில் யோத், மதிப்பு 10. அதில் பூஜ்யத்தை உதறினால் 1. சால்டியன் அட்டவணை I-க்குத் தருவதும் 1. இது தற்செயல் அல்ல.

7. மதிப்புகள் எங்கே பிரிகின்றன, ஏன்

பிதாகரஸ் அட்டவணையின் விதி எளிது. ஆங்கில எழுத்து எத்தனையாவது இடம் என்று பார்த்து, 9 முடிந்ததும் மறுபடி 1 என்று தொடங்குவது. ஒலியோ எழுத்தின் பூர்வீகமோ அதில் இல்லை. பெயர் பிதாகரஸ் என்றாலும் கிரேக்க எழுத்துகளின் எண் மதிப்பும் அல்ல. கிரேக்கத்திலும் எபிரேயம் போலவே ஒன்று, பத்து, நூறு என்றுதான் போகும்.

சால்டியன் அட்டவணையை எபிரேயத்தின் சிறிய முறைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காஃப் 20, K-க்கு 2. லாமெத் 30, L-க்கு 3. அயின் 70, அதன் வழிவந்த O-வுக்கு 7. பே 80, P-க்கு 8. கோஃப் 100, Q-வுக்கு 1. ரேஷ் 200, R-க்கு 2. ஷீன் 300, S-க்கு 3. தாவ் 400, T-க்கு 4. அதாவது எபிரேய மதிப்பில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, ஒத்த ஆங்கில எழுத்துக்குக் கொடுத்தது போல இருக்கிறது. 9 ஏன் இல்லை என்பதற்குப் புனிதமான எண் என்று காரணம் சொல்வார்கள். அட்டவணையைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. எபிரேயத்தில் 9-க்கும் 90-க்கும் உரிய தேத், சாதே இரண்டுக்கும் ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லை. F, X போன்ற சில எழுத்துகள் இந்தப் பொருத்தத்துக்கு முழுதாக அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாபிலோனியரின் களிமண் பலகைகளில் இருப்பது ஆப்பெழுத்து. அதில் A முதல் Z வரை எழுத்தே கிடையாது. ஆகவே சால்டியன் என்ற பெயரை வைத்து இதன் வயதை முடிவு செய்யாதீர்கள்.

இப்போது பிதாகரஸையும் சால்டியனையும் ஒப்பிட்டால் A முதல் E வரை ஒன்றாகப் போகும். J முதல் N வரையும் அப்படியே. O-வில் பிரிந்துவிடும்: பிதாகரஸில் 6, சால்டியனில் 7. எபிரேய வரிசையில் நூனுக்கும் அயினுக்கும் நடுவே சாமேக் இருக்கிறது. ஆங்கிலத்தில் N-க்கு அடுத்து நேராக O. ஓர் எழுத்து குறைந்ததால் ஓர் எண் நகர்ந்துவிட்டது. P-யிலும் அதே ஒன்று. P-க்கும் Q-வுக்கும் நடுவே சாதேவும் இல்லாமல் போகிறது. Q, R, S, T நான்கும் இரண்டு எண் நகர்ந்து நிற்கின்றன: T பிதாகரஸில் 2, சால்டியனில் 4.

இதை ஒரு தடவை நீங்களே தாளில் வரைந்து பாருங்கள். பிறகு மூன்று அட்டவணையையும் மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. எபிரேய வரிசை ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டின் பெரும்பகுதியையும் அதிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம்.

8. ஒப்பிடுங்கள், ஆனால் நூலில் காரணம் இருக்க வேண்டும்

ஆதியாகமம் 14:14-இல் ஆபிராம் 318 பேரைக் கூட்டிக்கொண்டு போருக்குப் போகிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் வீட்டுப் பொறுப்பாளர் எலியேசரின் பெயர் வருகிறது.

```
אליעזר   1 + 30 + 10 + 70 + 7 + 200 = 318
```

போனது எலியேசர் ஒருவரே என்று யூதர்களின் பழைய விளக்க நூலான தல்மூதில் ஒரு விளக்கம் இருக்கிறது. நல்ல கெமாத்ரியாவுக்கு இதை உதாரணமாகச் சொல்வேன். எண் நூலிலேயே இருக்கிறது. பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலை யாரும் வளைக்கவில்லை. முறை சாதாரண முறை.

இவ்வளவு பொருந்தியும் 12ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா இதே இடத்தில் இதை மறுத்தார். வேதம் கெமாத்ரியாவில் பேசுவதில்லை, விரும்புகிறவர் எந்தப் பெயரையும் நல்லதாகவும் கெட்டதாகவும் காட்டிவிட முடியும் என்பது அவர் வாதம். ஒவ்வொரு தடவை சமம் கிடைக்கும்போதும் அந்த வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 13 வரும் சொற்கள் ஏராளம். 318 தருகிற உறுதியை 13 தராது. தொகையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் வழக்கமும் மரபில் உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஒன்று கூட்டலாம் என்றால் பொருந்தாத சொற்களும் பொருந்தத் தொடங்கிவிடும்.

9. இணையக் கணிப்பானை நம்புமுன்

ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் யூத கெமாத்ரியா என்று ஓர் எண் காட்டும் கணிப்பான்கள் உண்டு. DAVID என்று போட்டால் அவற்றில் 718 வரும். எப்படி? அந்த அட்டவணையில் V-க்கு 700. அது லத்தீன் எழுத்துகளை அவற்றின் வரிசையில் ஒன்று, பத்து, நூறு என்று அடுக்கியது. J, V, W போன்றவை கடைசியில் 600-இலிருந்து சேர்க்கப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மறைஞான எழுத்தாளர் அக்ரிப்பா அச்சிட்ட பட்டியலின் வழி அது. எபிரேய வாவ் 6-தான்.

சோதிக்க ஒரே வழி போதும். கணிப்பானில் எபிரேய எழுத்திலேயே தாவீதின் மூன்றெழுத்தைத் தட்டுங்கள். 14 வந்தால் மேலே போகலாம். எபிரேய எழுத்தை ஏற்கவே இல்லையென்றால் அதை மூடிவிடுங்கள்.

10. தமிழ்ப் பெயருக்குப் போடலாமா?

எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் போட்டே காட்டுகிறேன். கமலா என்ற பெயர். முதல் எழுத்து காஃபா, கோஃபா? கடைசி ஆகாரத்துக்கு ஹேயா, அலெஃபா?

```
קמלה   100 + 40 + 30 + 5 = 175
כמלה    20 + 40 + 30 + 5 = 95
קמלא   100 + 40 + 30 + 1 = 171
```

ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தால் 4, 5, 9. மூன்றும் காதுக்கு ஒரே பெயர். இன்றைய எபிரேய வழக்கத்தில் அயல்மொழிப் பெயரின் க ஒலிக்குக் கோஃப் எழுதுவார்கள். ஆகவே முதல் வடிவத்துக்கு வழக்கத்தின் ஆதரவு உண்டு, நூல் ஆதாரம் இல்லை. ழகரம் வரும் பெயர் என்றால் அந்த ஆதரவும் கிடையாது, அந்த ஒலிக்கு எபிரேயத்தில் எழுத்தே இல்லை. 175 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். அதை வைத்து அந்தப் பெண்ணின் குணத்தையோ எதிர்காலத்தையோ சொல்ல கெமாத்ரியாவில் இடமில்லை. ஒருவர் பெயருக்கு ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்லவும் இடமில்லை.

11. கணக்கைப் பதிவு செய்யும் விதம்

ஒவ்வொரு கணக்கையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்: வசனம், எபிரேய எழுத்துக்கூட்டல், முறை, தொகை, எதோடு ஒப்பிட்டீர்கள், ஏன். பொருந்தாமல் போன ஒப்பீடுகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். நூறு சொற்களைத் தேடி ஒன்று பொருந்தியதா, முதல் சொல்லே பொருந்தியதா என்பது அந்த வரிகளைப் பார்த்தால்தான் தெரியும்.